சமச்சீர் அணி பாசிட்டிவ் டெஃபினிட் தானா? பிவட், லீடிங் மைனர், ஐகன் மதிப்பு மூலம் கண்டுபிடிக்கும் வழி

மூன்று தேர்வுகளின் மதிப்பெண்களுக்கு இடையே ஒட்டுறவுக் கெழு கணக்கிட்டு, கிடைத்த 3×3 அணியை ஒரு புரோகிராமுக்குள் கொடுத்தேன். `LinAlgError: Matrix is not positive definite` என்று சொல்லி நின்றுவிட்டது. அணியைப் பார்த்தால் குறையே தெரியவில்லை. சமச்சீராக இருந்தது, மூலைவிட்டம் முழுக்க 1, மற்ற எண்கள் எல்லாம் 0-க்கும் 1-க்கும் இடையில். இரண்டு நாள் புரோகிராமில் தவறு தேடினேன். தவறு இருந்தது அணியில். கையால் ஐந்து நிமிடம் கணக்குப் போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அந்த ஐந்து நிமிடக் கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எதைத் தேடுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். A ஒரு சமச்சீர் அணி. பூச்சிய வெக்டரைத் தவிர எந்த x-ஐ எடுத்தாலும் xᵀAx > 0 என்று வந்தால் A பாசிட்டிவ் டெஃபினிட். எல்லா x-ஐயும் போட்டுப் பார்க்க யாராலும் முடியாது. அதனால்தான் மூன்று சோதனைகள்: பிவட் எல்லாம் நேர் எண்ணா, லீடிங் மைனர் எல்லாம் நேர் எண்ணா, ஐகன் மதிப்பு எல்லாம் நேர் எண்ணா. மூன்றும் ஒரே விடையைத்தான் தரும்; ஒன்றைச் செய்தால் போதும். எதை எப்போது செய்வது என்பதில்தான் நேரம் மிச்சமாகும்.

கடைசிப் படிக்கு முன்புவரை இந்த ஓர் அணியை வைத்தே பார்ப்போம்:

```
A =   4   2  -2
      2   5   3
     -2   3   6
```

1. கணக்கைத் தொடங்கும் முன் ஒரு நிமிடம் அணியைப் பாருங்கள்

முதலில் சமச்சீர்த் தன்மை. aᵢⱼ = aⱼᵢ என்று ஒவ்வொரு ஜோடியையும் ஒப்பிடுங்கள். இதைத் தாண்டிப் போனால் பின்னால் வரும் மூன்று சோதனைகளுமே பொய் சொல்லும். உதாரணத்துக்கு, முதல் நிரை 1, 4. இரண்டாம் நிரை 0, 1 என்ற அணி. பிவட்டுகள் 1, 1. லீடிங் மைனர்கள் 1, 1. ஐகன் மதிப்புகளும் 1, 1. எல்லாம் நேர் எண்கள்தான். ஆனால் x = (1, −1) போட்டால் xᵀAx = 1 − 4 + 1 = −2. சமச்சீர் இல்லாத அணி கையில் இருந்தால் அதற்குப் பதிலாக (A + Aᵀ)/2-ஐ எடுத்துச் சோதியுங்கள். xᵀAx-இன் மதிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

அடுத்து மூலைவிட்டம். அதில் ஓர் எண் பூச்சியமாகவோ குறை எண்ணாகவோ இருந்தால் அங்கேயே விடை "இல்லை". அந்த இடத்தில் 1, மற்ற இடங்களில் 0 உள்ள வெக்டரைப் போட்டால் xᵀAx-ஆக அந்த எண்ணே வந்து நிற்கும்.

கடைசியாக ஜோடிகள். aᵢⱼ-இன் வர்க்கம் aᵢᵢ·aⱼⱼ-ஐவிடச் சிறியதாக இருக்க வேண்டும். நம் அணியில் 2² = 4, இது 20-ஐவிடச் சிறியது; (−2)² = 4, இது 24-ஐவிடச் சிறியது; 3² = 9, இது 30-ஐவிடச் சிறியது. தேறிவிட்டது.

இங்கே ஒரு விஷயம். இந்தப் படியில் தோற்றால் அணி நிச்சயம் பாசிட்டிவ் டெஃபினிட் இல்லை. தேறினால் ஒன்றும் முடிவாகவில்லை. என் ஒட்டுறவு அணி இந்தச் சோதனைகள் அனைத்திலும் தேறியது.

2. பிவட்டுகளைக் கண்டுபிடியுங்கள்

கையால் செய்பவர்களுக்கு நான் சொல்வது இந்த வழியைத்தான். காஸ்ஸியன் நீக்கல் முறையில் அணியை மேல் முக்கோண வடிவுக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது மூலைவிட்டத்தில் வந்து நிற்கும் எண்களே பிவட்டுகள். அனுமதி ஒரே ஒரு செயலுக்குத்தான்: மேலே உள்ள நிரையின் மடங்கைக் கீழே உள்ள நிரையிலிருந்து கழிப்பது.

முதல் பிவட் 4. இரண்டாம் நிரையிலிருந்து முதல் நிரையின் 1/2 மடங்கைக் கழித்தால் 0, 4, 4. மூன்றாம் நிரையோடு முதல் நிரையின் 1/2 மடங்கைக் கூட்டினால் 0, 4, 5. ஆக, இரண்டாம் பிவட் 4. இப்போது மூன்றாம் நிரையிலிருந்து இரண்டாம் நிரையைக் கழித்தால் 0, 0, 1. மூன்றாம் பிவட் 1.

```
4   2  -2
0   4   4
0   0   1
```

4, 4, 1 எல்லாம் நேர் எண்கள். A பாசிட்டிவ் டெஃபினிட். வேலை முடிந்தது.

பிவட்டின் குறியைப் பார்த்தால் ஏன் போதும்? நாம் செய்த நீக்கல், xᵀAx-ஐ வர்க்கங்களின் கூட்டலாக மாற்றும் வேலைதான். x, y, z என்று மாறிகளை வைத்தால்:

```
4(x + y/2 - z/2)² + 4(y + z)² + 1·z²
```

வெளியே நிற்கும் 4, 4, 1 பிவட்டுகள். அடைப்புக்குள் இருப்பவை முக்கோண வடிவின் ஒவ்வொரு நிரையையும் அதன் பிவட்டால் வகுத்தால் வருபவை. விரித்துப் பாருங்கள், 4x² + 5y² + 6z² + 4xy − 4xz + 6yz சரியாக வரும். வர்க்கங்களுக்கு முன்னால் நேர் எண்களே இருந்தால் கூட்டல் எப்படிக் குறை எண் ஆகும்? இதை ஒருமுறை கையால் எழுதிப் பார்த்தவர்களுக்குப் பிவட் சோதனை மறக்காது.

குறை எண் வந்தால் என்ன ஆகும் என்பதையும் இதே எழுத்தில் பார்க்கலாம். A-இன் கடைசி உறுப்பு 6-ஐ 4 ஆக்குங்கள். நீக்கல் முழுக்க அப்படியே நடக்கும், மூன்றாம் பிவட் மட்டும் −1 ஆகும். இப்போது z = 1 என்று வையுங்கள். y + z பூச்சியமாக y = −1. முதல் அடைப்பு பூச்சியமாக x = 1. ஆக (1, −1, 1) என்ற வெக்டருக்கு xᵀAx = −1. "பாசிட்டிவ் டெஃபினிட் இல்லை" என்று எழுதும்போது இப்படி ஒரு வெக்டரையும் சேர்த்து எழுதிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் ஒரு வரியில் சரிபார்த்துக்கொள்ளலாம். உங்கள் நீக்கலைத் திரும்பப் போட்டுப் பார்க்கத் தேவையில்லை.

இந்தப் படியில் புதியவர்கள் அதிகம் விழும் பள்ளம், நிரைகளை இடம் மாற்றுவது. சமன்பாடு தீர்க்கும்போது இடம் மாற்றிப் பழகிய கை இங்கேயும் மாற்றும். முதல் நிரை 1, 2. இரண்டாம் நிரை 2, 1 என்ற அணியை எடுங்கள். நேராக நீக்கினால் பிவட்டுகள் 1, −3. பெரிய எண் மேலே வரட்டும் என்று நிரைகளை மாற்றிவிட்டு நீக்கினால் 2, 1.5. இரண்டும் நேர் எண்கள், ஆனால் முடிவு தவறு! இந்த அணியின் ஐகன் மதிப்புகள் 3, −1. `scipy.linalg.lu` இந்த இடமாற்றத்தைத் தானாகவே செய்யும், அதனால் அது தரும் U என்ற மேல் முக்கோண அணியின் மூலைவிட்டத்தைப் பார்த்து முடிவு சொல்லாதீர்கள். நிரையைப் பிவட்டால் வகுத்து 1 ஆக்கிக்கொண்டே போவதும் இதே ரகத் தவறு. எந்த எண்ணின் குறியைப் பார்க்க வேண்டுமோ அதையே அழித்துவிடுகிறீர்கள்.

3. லீடிங் மைனர்களைத் தனியாகக் கணக்கிட வேண்டியதில்லை

இடது மேல் மூலையிலிருந்து 1×1, 2×2, 3×3 என்று சதுரங்களை வெட்டியெடுத்து, ஒவ்வொன்றின் அணிக்கோவையையும் கண்டால் அவைதான் லீடிங் மைனர்கள். எல்லாம் நேர் எண்ணாக இருந்தால் அணி பாசிட்டிவ் டெஃபினிட். சில்வெஸ்டர் விதி என்று பாடத்தில் வருவது இதுதான்.

பிவட்டுகள் கையில் இருந்தால் இவை செலவில்லாமல் கிடைக்கும். முதல் k பிவட்டுகளைப் பெருக்கினால் k-ஆவது லீடிங் மைனர். நம் அணிக்கு 4, 4×4 = 16, 4×4×1 = 16. திருப்பியும் போகலாம்: அடுத்தடுத்த மைனர்களின் விகிதமே பிவட். கணக்கைச் சரிபார்க்க நல்ல வழி இது. பிவட் வழியாகவும் நேராகவும் ஒரு மைனரைக் கண்டு, இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுங்கள்.

மைனர் வழி உண்மையில் கைகொடுக்கும் இடம், அணியில் ஒரு தெரியாத எண் இருக்கும் கேள்வி. A-இன் கடைசி உறுப்பை k என்று வைத்து, "k எந்த மதிப்புகளுக்கு அணி பாசிட்டிவ் டெஃபினிட்?" என்று கேட்டால், மைனர்கள் 4, 16, 16(k − 5). ஆக k > 5. அவ்வளவுதான்.

அணி பெரிதாக இருந்தால் அணிக்கோவையை விரித்துக் கணக்கிடும் வழிக்குப் போகவே போகாதீர்கள். 10×10 அணிக்கோவையின் முழு விரிவில் 10! = 36,28,800 உறுப்புகள் இருக்கும். அதே அளவு அணிக்கு நீக்கல் முறையில் சில நூறு பெருக்கல்களில் வேலை முடியும்.

இன்னொரு பள்ளம், கடைசி அணிக்கோவையை மட்டும் பார்த்துவிட்டு "நேர் எண், ஆகவே பாசிட்டிவ் டெஃபினிட்" என்று எழுதுவது. மூலைவிட்டத்தில் −1, −1, மற்றவை 0 என்ற 2×2 அணியின் அணிக்கோவை +1. இரண்டு குறை எண்கள் பெருகி நேர் எண் ஆகிவிட்டன. ஒவ்வொரு மைனரையும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

4. ஐகன் மதிப்பு வழி: சமன்பாட்டைத் தீர்க்காமலே குறியைச் சொல்லலாம்

கையால் செய்ய அதிக நேரம் பிடிப்பது இந்த வழி. 3×3-க்கே ஒரு முப்படிச் சமன்பாடு வரும், அதன் மூலங்கள் பெரும்பாலும் முழு எண்களாக இருக்காது. நம் அணிக்குச் சிறப்பியல்புச் சமன்பாடு:

```
λ³ - 15λ² + 57λ - 16 = 0
```

15 என்பது மூலைவிட்டக் கூடுதல். 57 என்பது மூலைவிட்டத்தை ஒட்டிய மூன்று 2×2 அணிக்கோவைகளின் கூடுதல், அதாவது 16 + 20 + 21. 16 என்பது A-இன் அணிக்கோவை. இதற்கு முழு எண் மூலம் கிடையாது. ஆனால் நமக்கு மூலங்களா வேண்டும்? குறிதானே வேண்டும். λ-வுக்கு ஒரு குறை எண்ணைப் போட்டால் நான்கு உறுப்புகளும் குறை எண்ணாகும். கூட்டல் பூச்சியம் ஆக வழியில்லை. பூச்சியம் போட்டால் −16 வருகிறது. ஆகவே குறை மூலமும் இல்லை, பூச்சிய மூலமும் இல்லை. சமச்சீர் அணியின் ஐகன் மதிப்புகள் எல்லாம் மெய்யெண்கள் என்பதால் மிச்சம் இருப்பது நேர் எண்கள் மட்டுமே. சுருக்கமாகச் சொன்னால், கெழுக்களின் குறி +, −, +, − என்று மாறி மாறி வந்தால் போதும். தேர்வில் ஐகன் மதிப்பு வழியாகத்தான் காட்ட வேண்டும் என்று கேட்டிருந்தால் இந்த வாதத்தையே எழுதலாம்.

கணினியில் பார்த்தால் மதிப்புகள் ஏறத்தாழ 0.305, 6.139, 8.556. பிவட்டுகளோ 4, 4, 1. இரண்டும் வெவ்வேறு எண்கள் என்பதைக் கவனியுங்கள். முக்கோண வடிவுக்கு மாற்றிவிட்டு, அதன் மூலைவிட்டத்தை A-இன் ஐகன் மதிப்புகள் என்று எழுதும் தவறு விடைத்தாள்களில் சகஜம். குறிகளின் எண்ணிக்கை ஒத்துப்போகும், பெருக்கற்பலனும் ஒத்துப்போகும், இங்கே இரண்டுக்கும் 16. மதிப்புகள் ஒத்துப்போகாது.

மற்ற இரண்டு வழிகளும் தராத ஒரு தகவலை ஐகன் மதிப்பு தரும். மிகச் சிறிய மதிப்பான 0.305, அணி எவ்வளவு விளிம்பில் நிற்கிறது என்பதைச் சொல்கிறது. மூலைவிட்டத்தின் ஒவ்வோர் உறுப்பிலிருந்தும் 0.31-ஐக் கழித்தாலே A தோற்றுவிடும்.

5. பூச்சியம் வந்தால் நிதானம்

A-இன் கடைசி உறுப்பை 5 ஆக்கினால் மூன்றாம் பிவட் 0. (1, −1, 1) வெக்டருக்கு xᵀAx பூச்சியம். எந்த வெக்டருக்கும் குறை எண் வராது. இதைப் பாசிட்டிவ் செமிடெஃபினிட் என்பார்கள். "டெஃபினிட்டா?" என்ற கேள்விக்கு விடை "இல்லை".

செமிடெஃபினிட்டா என்று கேட்டால் மட்டும் லீடிங் மைனர் வழியை நம்பாதீர்கள். ">" இருந்த இடத்தில் "≥" போட்டால் போதும் என்று தோன்றும், போதாது. முதல் நிரை 0, 0. இரண்டாம் நிரை 0, −1 என்ற அணியின் லீடிங் மைனர்கள் 0, 0. இரண்டும் பூச்சியத்துக்குக் குறையவில்லை. ஆனால் ஓர் ஐகன் மதிப்பு −1. மைனர் வழியில்தான் போக வேண்டுமென்றால், ஒரே வரிசை எண்களைக் கொண்ட நிரைகளையும் நிரல்களையும் தேர்ந்தெடுத்துக் கிடைக்கும் எல்லா மைனர்களையும் பார்க்க வேண்டும். 3×3-க்கு 7. இந்த இடத்தில் ஐகன் மதிப்பு வழிதான் நிம்மதி.

6. கணினியில்: சோலெஸ்கி முதலில், ஐகன் மதிப்பு பிறகு

"ஆமா, இல்லையா" என்று மட்டும் தெரிய வேண்டுமானால் `np.linalg.cholesky` போதும். அது A-ஐ LLᵀ என்று பிரிக்கும். L-இன் மூலைவிட்டத்தில் இருப்பவை பிவட்டுகளின் வர்க்கமூலங்கள். நம் அணிக்கு 2, 2, 1. பூச்சியமோ குறை எண்ணோ பிவட்டாக வந்தால் வர்க்கமூலம் எடுக்கும் இடத்தில் பிழை சொல்லி நிற்கும். n×n அணிக்கு ஏறத்தாழ n³/3 கூட்டல் பெருக்கல்கள். ஐகன் மதிப்புகளை மட்டும் காண ஏறத்தாழ 4n³/3. n = 1000 என்றால் 33 கோடிக்கும் 133 கோடிக்கும் உள்ள வித்தியாசம். ஒருமுறைக்கு இது பெரிதில்லை; ஒரு சுழற்சிக்குள் ஆயிரம் முறை சோதிக்கும்போது தெரியும்.

எச்சரிக்கை: இந்தக் கட்டளை சமச்சீரைச் சோதிக்காது. மூலைவிட்டத்தையும் அதற்குக் கீழே உள்ள பாதியையும் மட்டும்தான் படிக்கும். முதல் படியில் பார்த்த 1, 4, 0, 1 அணியைக் கொடுத்தால் மேலே இருக்கும் 4-ஐக் கண்டுகொள்ளாமல் பிழையின்றி விடை தரும். ஐகன் மதிப்புகளைத் தரும் `eigvalsh`-உம் அப்படித்தான். அதனால் சமச்சீர்ச் சோதனையை நீங்களே எழுதிவிடுங்கள்.

ஐகன் மதிப்பாக −0.0000000000000001 போன்ற எண் வந்தால் அதைக் குறை எண் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கணினியின் 64-பிட் மிதவைப் புள்ளிக் கணக்கின் துல்லியம் ஏறத்தாழ 2.2×10⁻¹⁶. அதை n-ஆலும் மிகப் பெரிய ஐகன் மதிப்பாலும் பெருக்கி வரும் எல்லைக்குள் இருப்பதைப் பூச்சியமாகவே கருதலாம்.

7. எனக்கு வந்த அணி: கண்டுபிடித்ததும் திருத்தியதும்

```python
import numpy as np
R = np.array([[1.0, 0.9, 0.6],
              [0.9, 1.0, 0.1],
              [0.6, 0.1, 1.0]])
print(np.allclose(R, R.T))
print(np.linalg.eigvalsh(R))
np.linalg.cholesky(R)
```

முதல் வரி True. ஐகன் மதிப்புகள் ஏறத்தாழ −0.037, 0.908, 2.129. மூன்றாவது கட்டளையில் பிழை. −0.037 என்பது துல்லியக் குறைவால் வரும் அளவு இல்லை, உண்மையான குறை எண்.

கையாலும் போட்டுப் பார்த்தேன். முதல் பிவட் 1. நீக்கியபின் இரண்டாம் நிரை 0, 0.19, −0.44; மூன்றாம் நிரை 0, −0.44, 0.64. இரண்டாம் பிவட் 0.19. மூன்றாவது 0.64 − 0.44²/0.19, அதாவது ஏறத்தாழ −0.379. ஒட்டுறவு அணிக்கு இதன் பொருள் என்ன தெரியுமா? மூன்று மதிப்பெண்களையும் தரப்படுத்தி ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் கூட்டினால், அந்தக் கூட்டலின் விலக்க வர்க்கச் சராசரி −0.379. அப்படி ஒன்று இருக்கவே முடியாது. முதல் தேர்வு இரண்டாவதோடு 0.9, மூன்றாவதோடு 0.6 ஒத்துப்போகிறது என்றால், இரண்டாவதும் மூன்றாவதும் ஒன்றோடொன்று குறைந்தது 0.191 அளவாவது ஒத்துப்போயே ஆக வேண்டும். 0.54-இலிருந்து 0.19×0.64-இன் வர்க்கமூலத்தைக் கழித்தால் அந்த எல்லை வரும். என் அணியில் இருந்தது 0.1.

அது எப்படி உள்ளே வந்தது? சில மாணவர்கள் ஒரு தேர்வு எழுதவில்லை, அந்த இடங்கள் காலி. பாண்டாஸின் `corr()` ஒவ்வொரு ஜோடிக்கும் அந்த இரண்டு தேர்வையும் எழுதியவர்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆக, மூன்று எண்களும் மூன்று வெவ்வேறு கூட்டத்திலிருந்து வந்தவை. தனித்தனியாக மூன்றும் சரி. சேர்த்து வைத்தால் ஒரே கூட்டத்துக்குப் பொருந்தாது. `df.dropna().corr()` என்று, மூன்று தேர்வையும் எழுதியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிட்டதும் சோலெஸ்கி ஓடியது.

அப்படிச் செய்தால் அணி குறைந்தபட்சம் செமிடெஃபினிட்டாக இருப்பது உறுதி, ஆனால் டெஃபினிட் என்பது உறுதியில்லை. அட்டவணையில் "மொத்தம்" என்று ஒரு பத்தி இருந்து, அதையும் சேர்த்துக் கொடுத்தால் ஓர் ஐகன் மதிப்பு பூச்சியமாகும், ஏனென்றால் அந்தப் பத்தி மற்ற மூன்றின் கூட்டல். அப்போது நீக்க வேண்டியது அந்த "மொத்தம்" பத்தியை. மூலைவிட்டத்தில் சிறு எண்ணைக் கூட்டிப் பிழையை அடக்கும் வழியைப் பலர் சொல்வார்கள், 0.04 கூட்டினால் என் அணியும் தேறிவிடும். ஆனால் 0.1 என்ற பொருந்தாத எண் அப்படியே உள்ளே இருக்கும், அதற்குப் பிறகு வரும் ஒவ்வொரு விடையும் அதன் மேல்தான் நிற்கும்.